கருவாட்டுக் குழம்பும் ஒரு பழைய மாத்திரையும்

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 38 வயது. லண்டனில் வேலை. மனச்சோர்வுக்கு வேறு மாத்திரைகள் கேட்காமல் போய், மூன்று வருடமாக ஃபெனல்சின் சாப்பிடுகிறான். பொங்கலுக்கு வந்தவனுக்கு ஆசையாக வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பின்மண்டை வெடிக்கிற மாதிரி வலி, வியர்வை, படபடப்பு. ஆஸ்பத்திரியில் பிரஷர் 210/120. இப்போது நன்றாக இருக்கிறான். அதே குழம்பை நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம், யாருக்கும் ஒன்றுமில்லை. உப்புதான் காரணம் என்கிறார்கள். அவனுக்கு அங்கே சீஸ் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களாம். இனி ஊர்ச் சாப்பாடே கூடாதா? – ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: உப்பு இல்லை, அம்மா. உப்பு பிரஷரை ஏற்றும், ஆனால் நல்ல உடம்புள்ளவருக்கு ஒரே மணி நேரத்தில் 210-க்குக் கொண்டுபோகாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கருவாட்டில் இருந்த டைரமின் என்ற பொருளும் உங்கள் தம்பியின் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை இது. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, கருவாடும் கெட்டுப்போனதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

மீன், இறைச்சி, பால், பயறு என்று புரதமுள்ள எதிலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் உண்டு. அந்தப் பண்டம் நாள்பட இருக்கும்போது பாக்டீரியாக்கள் டைரோசினை டைரமினாக மாற்றுகின்றன. நாள்பட்ட சீஸிலும், சோயா சாஸிலும், மெதுவாகக் காய்ந்த கருவாட்டிலும் நடப்பது இதுதான். நாம் தினமும் கொஞ்சம் டைரமின் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். குடலிலும் கல்லீரலிலும் மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி காவல் நிற்கிறது. வருகிற டைரமினை ரத்தத்தில் கலக்கும் முன்பே உடைத்துவிடும். உங்கள் ஐந்து பேருக்கும் அன்று அதுதான் நடந்தது.

ஃபெனல்சின் வேலை செய்வதே அந்த நொதியை முடக்கித்தான். மூளையில் முடக்குவதால் மனச்சோர்வு குறைகிறது. ஆனால் மாத்திரைக்கு மூளை எது, குடல் எது என்று தெரியாது, இரண்டு இடத்திலும் முடக்கிவிடுகிறது. காவல் இல்லாத வாசல் வழியாக டைரமின் ரத்தத்துக்குள் வந்து, நரம்பு முனைகளில் நுழைந்து, அங்கே சேமிப்பில் இருக்கும் நார் அட்ரினலினை ஒரேயடியாக வெளியே தள்ளுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் எகிறுகிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பின்மண்டையில் தொடங்கும் இடிக்கிற வலி, கழுத்து விறைப்பு, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு: இதுதான் அடையாளம். அரிதாக மூளையில் ரத்தக் கசிவில் முடியும். அதனால்தான் இதை வெறும் தலைவலி என்று விடக் கூடாது.

அளவைச் சொன்னால் வித்தியாசம் புரியும். சாதாரண ஆளுக்கு வாய்வழி டைரமினால் பிரஷர் குறிப்பிடும்படி ஏற 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு வேளையில் 6 முதல் 10 மில்லிகிராமே தலைவலியைக் கொண்டுவரலாம், 10-லிருந்து 25-க்குள் ஆபத்தான நிலை வரலாம். ஒரு கருவாட்டில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் டைரமின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தின்ற துண்டு 50 கிராம் என்றால் 5 மில்லிகிராம்தான், தப்பித்துவிடுவார். அதே கடையில் அடுத்த வாரம் வாங்கிய கருவாட்டில் 50 இருந்தால், அதே துண்டில் 25 உள்ளே போகும். பார்வையிலோ மணத்திலோ ருசியிலோ இந்த வித்தியாசம் தெரியாது. எவ்வளவு கொதித்தாலும் டைரமின் அழியாது, பாக்டீரியாதான் சாகும். “போன தடவை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பதை இதில் நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

சீஸ் மட்டும் ஏன் பேர் வாங்கியது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாமில் ஒரு மருந்தாளுநர், இந்த வகை மாத்திரை சாப்பிட்ட தன் மனைவிக்குச் சீஸ் தின்றால் கடும் தலைவலி வருவதைக் கவனித்து, லண்டன் மருத்துவர் பேரி பிளாக்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். பிளாக்வெல் 1963-இல் அதை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அது அவர்கள் ஊர்ச் சாப்பாடு, அதனால் சீஸ். நாகப்பட்டினத்தில் கண்டுபிடித்திருந்தால் கருவாடு என்று பேர் வந்திருக்கும்.

இனி உங்கள் சமையலறைக்கு வருவோம். கருவாடு எந்த வகையானாலும் வேண்டாம், நெத்திலிக் கருவாடும் சேர்த்துத்தான். மீன் குழம்பு தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நம் ஊர் வழக்கப்படி “மறுநாள்தான் ருசி” என்பது இவருக்குப் பொருந்தாது. காலையில் வந்த, ஐஸில் இருந்த மீனை மதியமே சமைத்து மதியமே பரிமாறுங்கள். வெயிலில் பெட்டியில் அலைந்து சாயங்காலம் தெருவுக்கு வரும் மீன் வேண்டாம். கோழி, ஆட்டுக்கறியும் அப்படியே. மீந்ததை உடனே ஃபிரிட்ஜில் வைத்தாலும் அவருக்குப் புதிதாக ஆக்கிப் போடுவதுதான் நல்லது.

பழையது பற்றிக் கேட்பீர்கள். சோற்றில் புரதம் குறைவு, ஒரு ராத்திரி ஊறியதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். என் கவலையெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள வருகிற கருவாட்டையும் நேற்றைய குழம்பையும் பற்றியது. தயிர், மோர், பனீர் புதிதாக இருந்தால் சரி. இட்லி மாவு முந்தின நாள் அரைத்ததாக இருக்கட்டும், நாலு நாள் புளித்தது வேண்டாம். கடைத்தெருவில் ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் வாங்கித் தராதீர்கள், அதில் சோயா சாஸ் எவ்வளவு விழுகிறது என்று போடுகிறவருக்கே தெரியாது.

இன்னொன்று, இது டைரமின் இல்லை, ஆனால் நம் பக்கத்தில் முக்கியம். நாட்டு மருந்துக் கடையில் தெம்புக்கென்று விற்கும் பூனைக்காலி விதையில் லெவோடோப்பா நிறைய உண்டு. அதுவும் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷரை ஏற்றும். மெடிக்கலில் நீங்களாக வாங்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும் கருவாட்டை விட மோசமாகலாம். கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

திரும்ப இப்படி வந்தால் வீட்டில் படுக்க வைத்துக் காத்திருக்க வேண்டாம், ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையோ காலோ பலம் குறைந்தாலும், பேச்சு குழறினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். யாராவது நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்குக்கடியில் வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரஷர் ஒரேயடியாக விழுந்து வேறு ஆபத்து வரும். நுழைந்ததும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நம் பக்கம் அபூர்வமாகவே எழுதப்படும் மருந்து என்பதால் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இதுவரை பார்த்தேயிருக்க மாட்டார். பெயர் எழுதிய சீட்டு தம்பியின் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

பயத்தில் அவராக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், லண்டன் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லட்டும். அவர் சொல்லி நிறுத்தினாலும், முடங்கிய நொதி உடம்பில் புதிதாக உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கடைசி மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து பதினான்கு நாள் எண்ணிவிட்டு, அந்த மருத்துவரும் சரி என்றபின் கருவாட்டை எடுங்கள்.