சித்தப்பா விலகினால் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஆதாய விகிதமும் கணக்குத் தீர்ப்பும்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை பார்ட்னர்ஷிப்பில் சித்தப்பாவுக்கு 5, எனக்கு 3, தம்பிக்கு 2 என்று பங்கு. வரும் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு சித்தப்பா விலகுகிறார். இனி நானும் தம்பியும் ஆளுக்குப் பாதி என்று பேசிவிட்டோம். குட்வில் 12 லட்சம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். அதில் சித்தப்பாவின் பங்கு 6 லட்சத்தை எங்கள் இருவர் கணக்கிலும் 3:2 என்று பிரித்துக் கழிக்கலாம் என்கிறார் கணக்குப்பிள்ளை. அது சரியா? அவருக்கு மொத்தம் என்னென்ன சேர வேண்டும்? முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை.

பதில்: சரியில்லை. உங்கள் விஷயத்தில் அது நேர் தலைகீழ். நீங்கள் 2 பங்கும் தம்பி 3 பங்கும் ஏற்க வேண்டும்.

குட்வில் என்பது கடை இதுவரை சேர்த்த நற்பெயரால் இனிமேல் வரப்போகும் லாபத்துக்கான விலை. சித்தப்பா விட்டுப்போகும் லாபப் பங்கை யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறாரோ, அவர் அந்த அளவுக்கு விலை கொடுக்கிறார். அதைச் சொல்வதுதான் ஆதாய விகிதம். புதிய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழித்தால் அது கிடைத்துவிடும். உங்களுக்கு இதுவரை 10-ல் 3, இனி 10-ல் 5, கூடுவது 2. தம்பிக்கு இதுவரை 10-ல் 2, இனி 10-ல் 5, கூடுவது 3. ஆகவே 6 லட்சத்தில் உங்கள் கணக்கில் 2,40,000 ரூபாயும், தம்பி கணக்கில் 3,60,000 ரூபாயும் பற்று எழுதி, சித்தப்பா கணக்கில் 6 லட்சத்தை வரவு வைக்க வேண்டும். 3:2 என்று எழுதினால் உங்கள் கையிலிருந்து 1,20,000 ரூபாய் கூடுதலாகப் போகும்.

கணக்குப்பிள்ளை எங்கே வழுக்கினார் என்பதும் தெரிகிறது. ஒருவர் விலகும்போது மீதிப் பேர் புதிய விகிதம் எதுவும் பேசாவிட்டால், அவர்களுடைய பழைய விகிதமே ஆதாய விகிதம் ஆகிவிடும். அப்போது 3:2 சரி. நீங்கள் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்த நிமிடத்திலேயே அது மாறிவிட்டது. சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. கூடிய பங்குகளைக் கூட்டினால் விலகுபவரின் பங்கு வர வேண்டும். இங்கே 2-ம் 3-ம் சேர்ந்து 5. சித்தப்பாவின் பங்கும் 5. கழிக்கும்போது யாருக்காவது மைனஸ் வந்தால் அதை விட்டுவிடக் கூடாது. உதாரணமாக, இனி உங்களுக்கு 1, தம்பிக்கு 3 என்று முடிவானால் உங்கள் பங்கு 30 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்குகிறது. நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த நிலையில் தம்பி கணக்கில் 6,60,000 பற்று. அதில் 6 லட்சம் சித்தப்பாவுக்கும், 60,000 உங்களுக்கும் வரவு.

இன்னொரு இடத்திலும் தடுமாற்றம் வரும். குட்வில் மட்டுமே ஆதாய விகிதத்தில் போகும். பொதுக் காப்பு நிதி, சொத்துகளின் மறுமதிப்பீட்டு லாப நஷ்டம், விலகும் நாள்வரை வந்த லாபம் ஆகியவை மூவரும் சேர்ந்திருந்த காலத்தில் உண்டானவை. அவற்றைப் பழைய 5:3:2 விகிதத்தில் மூவருக்கும் பிரிக்க வேண்டும். இதுவரை விளைந்ததற்குப் பழைய விகிதம், இனிமேல் விளையப்போவதற்கு ஆதாய விகிதம் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பதிவிலும் குழப்பம் இருக்காது.

சித்தப்பாவுக்குச் சேர வேண்டியதை இப்போது பார்ப்போம். நீங்கள் மற்றத் தொகைகளைத் தராததால் நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் பேரேட்டில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிட்டல் கணக்கில் நிற்பது: 14,00,000
காப்பு நிதி 4 லட்சத்தில் பாதி: 2,00,000
மறுமதிப்பீட்டு லாபம் 2 லட்சத்தில் பாதி: 1,00,000
ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான லாபம் 4 லட்சத்தில் பாதி: 2,00,000
குட்வில்லில் பங்கு: 6,00,000
இந்த ஆறு மாதத்தில் அவர் எடுத்தது, கழிக்க: 1,00,000
சேர வேண்டியது: 24,00,000

இதில் சண்டை வருவது பெரும்பாலும் மறுமதிப்பீட்டில்தான். கடைக்குச் சொந்தமான குடோனின் மதிப்பு 3 லட்சம் கூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அது எல்லோர் கண்ணிலும் படும். ஸ்டாக் அப்படி இல்லை. வெயில் பட்டு மடிப்பில் நிறம் மங்கிய சேலை, செட் உடைந்த சுடிதார் துணி, ஓரிரு சைஸ் மட்டும் மிஞ்சி நிற்கும் சட்டை எல்லாம் புத்தகத்தில் வாங்கிய விலையிலேயே இருக்கும். செப்டம்பர் 30 இரவு மூவரும் சேர்ந்து ரேக் ரேக்காக எண்ணி, விற்றால் வாங்கிய விலைகூட வராத சரக்கைத் தனித் தாளில் எழுதி, கிடைக்கக்கூடிய விலையைப் போட்டு மூவரும் கையெழுத்திடுங்கள். அதில் 80,000, வராத கடனில் 20,000 குறைந்ததாகக் கொண்டால் நிகர லாபம் 2 லட்சம். இதைச் செய்யாமல் விட்டால், விற்காத சரக்கின் நஷ்டத்தில் சித்தப்பா ஏற்க வேண்டிய பாதியும் பிறகு உங்கள் இருவர் தலையில்தான் விழும்.

ஆறு மாத லாபத்தைப் போன வருட லாபத்தில் பாதி என்று போடாதீர்கள். பாடப்புத்தகத்தில் அந்த வழி இருந்தாலும், ஜவுளிக்கடைக்கு அது ஒத்துவராது. ஆடித் தள்ளுபடி செப்டம்பருக்கு முன்பே முடிந்துவிடும். தீபாவளி விற்பனையும் பொங்கல் விற்பனையும் அதற்குப் பிறகு வரும். பாதி என்று போட்டால் சித்தப்பா விலகிய பிறகு நடக்கும் தீபாவளி லாபத்தில் ஒரு பகுதி அவருக்குப் போய்விடும். எப்படியும் ஸ்டாக் எண்ணப் போகிறீர்கள். அன்றைய தேதிக்குக் கணக்கை முடித்து உண்மையான லாபத்தையே எடுங்கள்.

இந்த 24 லட்சத்தில் 8 லட்சத்தை இப்போதே கொடுப்பதாகவும், மீதி 16 லட்சத்தை நான்கு வருடத் தவணையில், 9 சதவீத வட்டியோடு கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த 16 லட்சத்தை அவருடைய கேபிட்டல் கணக்கிலேயே விட்டுவைக்கக் கூடாது. கேபிட்டல் கணக்கை முடித்து, அவர் பெயரில் கடன் கணக்கு திறந்து மாற்ற வேண்டும். அக்டோபர் 1 முதல் அவர் பார்ட்னர் இல்லை, கடைக்குக் கடன் கொடுத்தவர். வருடம் 4 லட்சம் அசல், நிலுவைக்கு மட்டும் வட்டி. முதல் வருடம் வட்டி 1,44,000. பிறகு 1,08,000, 72,000, 36,000. நான்கு வருடத்துக்கும் சேர்த்து வட்டி 3,60,000. வட்டி அக்டோபர் 1-லிருந்தே ஓட வேண்டும். முதல் தவணை கொடுத்த நாளிலிருந்து அல்ல. இனி அவருக்குக் கொடுக்கும் வட்டியில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவதும் கடையின் பொறுப்பு.

வட்டி, தவணை எதையும் எழுதாமல் "சித்தப்பாதானே, மெல்லக் கொடுத்துக்கொள்ளலாம்" என்று விடுவது உங்களுக்கே ஆபத்து. 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கணக்கைத் தீர்க்காமல் அவருடைய சொத்தையும் வைத்து மீதிப் பேர் தொழிலை நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் விலகியவர் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: பாக்கித் தொகைக்கு வருடம் 6 சதவீத வட்டி, அல்லது அந்தப் பங்கால் கிடைத்த லாபம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. வியாபாரம் நன்றாகப் போனால் அவர் லாபத்தைத்தான் கேட்பார். விலகல் பத்திரத்தில் தொகை, தவணைத் தேதி, வட்டி விகிதம், தவணை தவறினால் என்ன என்பது நான்கும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது தர வேண்டிய 8 லட்சத்தை நீங்கள் இருவரும் எப்படிக் கொண்டுவருவது? ஆளுக்கு நான்கு என்று பிரித்துவிடாதீர்கள். உங்கள் கேபிட்டல் 9 லட்சம், தம்பியுடையது 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பு நிதி, மறுமதிப்பீடு, லாபம் மூன்றிலும் உங்கள் பங்கு 3 லட்சத்தைக் கூட்டி, குட்வில் 2,40,000-ஐக் கழித்தால் உங்களிடம் நிற்பது 9,60,000. தம்பிக்கு 2 லட்சம் கூட்டி 3,60,000 கழித்தால் 4,40,000. இரண்டும் சேர்ந்து 14 லட்சம், கொண்டுவரும் பணம் 8 லட்சம், ஆக 22 லட்சம். லாபம் சமம் என்றால் முதலும் ஆளுக்கு 11 லட்சமாக இருப்பதுதான் நியாயம். அதற்கு நீங்கள் 1,40,000, தம்பி 6,60,000 கொண்டுவர வேண்டும். அவ்வளவு தம்பியால் முடியாது என்றால், கூடுதலாக நிற்கும் உங்கள் முதலுக்கு வட்டி உண்டு என்று புதிய பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2021-இல் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, விலகுபவர் தன் கேபிட்டல் இருப்புக்கு மேல் வாங்கும் தொகை மூலதன ஆதாயமாகக் கருதப்படும்; அதற்கான வரி கடையின் மேல் விழும். அந்த இருப்பைக் கணக்கிடும்போது மறுமதிப்பீட்டால் ஏறியதையும், நாமாக உருவாக்கிய குட்வில்லையும் சேர்க்க முடியாது. ஆகவே குட்வில் 6 லட்சமும், குடோன் மதிப்பு ஏறியதில் அவருக்குப் போன பங்கும் இதில் மாட்டும். சித்தப்பா போன பிறகு அந்த வரியை உங்கள் இருவர் லாபத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். குட்வில் தொகையை முடிவு செய்வதற்கு முன்பே ஆடிட்டரிடம் இந்த வரியைக் கணக்கிடச் சொல்லி, யார் ஏற்பது என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

பணம் கொடுத்ததோடு சித்தப்பாவின் பொறுப்பு தீர்ந்துவிடாது. கூட்டாண்மைச் சட்டத்தின் 32-வது பிரிவின்படி, பொது அறிவிப்பு வரும்வரை அவர் வெளியாருக்கு இன்னும் பார்ட்னரைப் போலவே பொறுப்பாளி. நீங்கள் வாங்கும் புதுக் கடனும் அவரைத் தொடும். பதிவு பெற்ற நிறுவனமென்றால் நிறுவனப் பதிவாளருக்கு மாற்றத்தைத் தெரிவித்து, அரசிதழிலும் உங்கள் மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு கொடுங்கள். அறிவிப்பை அவரும் கொடுக்கலாம், நீங்களும் கொடுக்கலாம். ஜிஎஸ்டி பதிவில் பார்ட்னர் மாற்றத்தை 15 நாளுக்குள் REG-14 படிவத்தில் பதிய வேண்டும். வங்கியில் கேஷ் கிரெடிட் இருந்தால், அதில் சித்தப்பா போட்ட கையெழுத்தை வங்கி எழுத்துமூலம் விடுவித்தால்தான் அந்தக் கடனிலிருந்து அவர் வெளியே வருவார். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு முதல் 8 லட்சத்தைக் கொடுப்பது என்று தேதியை அமைத்துக்கொள்ளுங்கள்.