பலாப்பழம் வெட்டிய கத்தி, பலகை, கைத்துணி எல்லாவற்றிலும் பிசின் அப்பிக்கிடக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என்ன செய்வது?

சோப்பு போட்டுப் பார்த்துவிட்டீர்கள் என்றால், பாத்திரம் தேய்க்கும் நாரும் இந்நேரம் பிசுபிசுவென்று இருக்கும். முதலில் அதைக் குப்பையில் போடுங்கள். இனி அது தொடும் டம்ளர், தட்டு எல்லாவற்றிலும் பிசினைத்தான் தடவும்.

பலாப்பால் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெய் தடவிய கையோடு குழாயடிக்குப் போய்விடுகிறார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. தண்ணீர் பட்டதும் இளகிய பிசின் திரும்பவும் திரண்டு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய், காய்ந்த காகிதம், தண்ணீர் சேர்க்காத சோப்பு, கடைசியில்தான் தண்ணீர். இந்த வரிசை மாறக்கூடாது.

போன பலாக் காலத்தில் என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் முழுப் பழத்தையும் என் மரப்பலகையில் போட்டு வெட்டி முடித்திருந்தார்கள். நடுத்தண்டில்தான் பால் அதிகம். அதையும் பலகையிலேயே வைத்து அரிந்திருக்கிறார்கள். கத்தி, பலகை, கைத்துணி மூன்றும் தொட்டித் தண்ணீரில் கிடந்தன. "ஊறினா போயிடும் அண்ணி" என்றார். ஊறினால் மரம்தான் உப்பும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, படித்தால் படிக்கட்டும்.

கத்தி எளிது. ஈரத்தைத் துடைத்துவிட்டு அரை ஸ்பூன் சமையல் எண்ணெயைத் தடவி, பத்து நிமிடம் விடுங்கள். பிறகு செய்தித்தாளை மடித்து, கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப்பக்கமாக வழித்தெடுங்கள். முதலில் வரும் பிசினை உருட்டி வைத்துக்கொண்டு, மீதி இருக்கும் இடங்களில் ஒற்றி எடுக்கலாம். பிசின் பிசினோடு நன்றாகவே ஒட்டும். அடுப்பில் காட்டினால் உருகிவிடும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். உருகும், பர்னரில் சொட்டும், கத்தியின் பதமும் போகும். மண்ணெண்ணெயும் பிசினை எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடுப்புப் பக்கத்தில் அது ஆபத்து. மரத்தில் ஏறினால் வாடையும் லேசில் போகாது.

பலகைதான் என் பொறுமையைச் சோதித்தது. கத்தி கீறிய கோடுகளுக்குள் பிசின் இறங்கி, அங்கங்கே பழுப்பாகியிருந்தது. நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகு எண்ணெய் தடவி, மேலே கல்லுப்பைத் தூவி, காகிதத்தால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். உப்பு கொஞ்ச நேரத்தில் அழுக்கு நிறமாகிக் கட்டி கட்டியாகத் திரண்டது. அதை ஸ்பூனின் காம்பால் சுரண்டி எறிந்துவிட்டு, புது உப்பு போட்டு மறுபடியும் தேய்த்தேன். கோடுகளுக்குள் இருந்ததைப் பல்குச்சியால் கிளறி எடுத்தேன். பிறகு திரவ சோப்பை அப்படியே ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெந்நீரில் அலசினேன். எண்ணெயை மிச்சம் விட்டால் பலகை பின்னால் சிக்கு வாடை அடிக்கும்.

போய்விட்டதா என்று ஈரத்தில் தொட்டுப் பார்க்காதீர்கள். சோப்பு வழுக்கலில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். காய்ந்ததும் விரலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே இன்னும் இருக்கிறது.

நான் பல்குச்சியோடு போராடிக்கொண்டிருந்தபோது மொத்தக் குடும்பமும் கூடத்தில் சுளை தின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துணியை உடனே துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள், மற்ற துணிகளிலும் ஒட்டும். ஈரம் காய்ந்ததும் நெகிழிப் பையில் சுற்றி உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிசின் விறைத்துப்போகும், மேலாக இருப்பதை நகத்தாலேயே பெயர்க்கலாம். நூலுக்குள் இருப்பதற்கு எண்ணெய் தடவி ஊறவிட்டு, அடியில் ஒரு காகிதம் வைத்து, மேலே இன்னொரு காகிதத்தால் அழுத்தி ஒற்றுங்கள். பிறகு பாத்திர சோப்பைத் தண்ணீர் இல்லாமல் கசக்கித் தேய்த்துவிட்டு அலசுங்கள். எண்ணெய்க் கறை இருக்கும்வரை இஸ்திரி போட வேண்டாம். பழுப்பேறிப்போன பழைய கறை என்றால் பிசுபிசுப்பு போகும், நிறம் போகாது. என் துணியில் இன்னும் இருக்கிறது. அடுத்த பழத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தனியாக வைத்திருக்கிறேன்.