புதன்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் 18 வீடுகள், மொத்தம் 60 பேர். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் 36,000 ரூபாய் ஆகிறது. வீட்டுக்கு 2,000 என்று சமமாகப் பிரிக்கிறோம். ஆள் கணக்கில் பிரிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர், "குழந்தைகள் இருக்கும் வீடுகளைத் துரத்தப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். நான் எழுதி, இன்னும் அனுப்பாத பதில் இது:

"நான் எங்கே குழந்தைகளைத் துரத்தச் சொன்னேன்? முதலில் எழுதியதை ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். இரண்டு பேர் வீடும் ஏழு பேர் வீடும் ஒரே பணம் கொடுப்பதுதான் உங்கள் நியாயமா? சிலருக்கு அடுத்தவர் காசில் குளித்தே பழக்கம். இதைக்கூடப் புரிந்துகொள்ள முடியாதவர்களிடம் பேசிப் பயனில்லை."

அனுப்பாதே என்கிறார் கணவர். தணிந்து எழுதினால் தோற்றுப்போனதாக ஆகிவிடாதா? கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை சேர்த்தால் போதுமா?

எம்., சென்னை

அன்புள்ள எம்.,

முதலில் கணவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கும்பிடு பொம்மை வேண்டவே வேண்டாம். சண்டை நடுவில் போடும் கும்பிடு நக்கலாகத்தான் படும்.

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் எடுத்து எழுதி, தண்ணீரைப் பற்றிப் பேசும் வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். ஐந்தில் ஒன்று தேறியது. அதுவும் கேள்வியாக இருக்கிறது. மற்ற நான்கும் அந்தப் பெரியவரைப் பற்றியவை. ஆள் கணக்கு ஏன் வேண்டும், எவ்வளவு வரும், யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்று ஒரு வரி இல்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை உங்கள் பதிலிலிருந்து நான் தெரிந்துகொள்ளவில்லை, கடிதத்தின் மேல்பாதியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நம் மொழியில் சூடு பெரும்பாலும் சின்னச் சொற்களில் உட்கார்ந்திருக்கிறது. "இதைப் புரிந்துகொள்ளவில்லை" என்பது ஒரு தகவல். "இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை" என்றால் அறை. "குளித்தே", "நியாயமா", "முதலில்" எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. "எங்கே சொன்னேன்?" என்று கேட்டால் அவர் உங்கள் பழைய வரிகளைத் தேடி எடுத்து வந்து போடுவார். "அப்படிச் சொல்லவில்லை" என்று எழுதினால் அங்கேயே முடிந்துவிடும். இருப்பதிலேயே மோசமானது "சிலருக்கு". ஒருவருக்குப் பதில் சொல்லப் போய், ஏழு பேர் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் நிமிர்ந்து பார்க்க வைக்கிறீர்கள். நாளைக்கு முடிவெடுக்கப் போவது பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் பதினாறு வீடுகள். அதை மறந்துவிட்டீர்களே!

உங்கள் கடிதம் எனக்கு ஏன் தைத்தது என்று சொல்கிறேன். 1987இல் என் அண்ணனுக்கு ஒரு இன்லாந்து லெட்டர் எழுதினேன். ஊரில் எங்களுக்குப் பங்குக் கிணறு. மோட்டார் போட ஒவ்வொரு பங்குக்கும் முறை நாள் உண்டு. அம்மா வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்த தென்னம்பிள்ளைகள் வாடுகின்றன, புதன்கிழமை முறையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடு என்பதுதான் நான் கேட்க நினைத்தது. அதற்கு முன்னால் அண்ணன், "டவுனில் இருப்பவனுக்குக் கிணற்றில் என்ன பங்கு" என்று யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்திருந்தது. இன்லாந்து லெட்டரின் மூன்று பக்கமும் நிறைய எழுதினேன். "படிக்கத் தெரியாவிட்டால் உன் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்" என்று ஒரு வரி. என்னைப் படிக்க வைப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நான்கு வருடம் பேச்சு இல்லை. அவர் போன பிறகு மதினி சொன்னார்: "அவனுக்கு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் எழுதலையேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார் தம்பி." புதன்கிழமை என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை.

சரி, உங்கள் பதிலுக்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதம் என்று சொல்கிறார், பிறர் கருத்தை ஒரு நூல் எதிர்கொள்ளும் ஏழு வழிகள். மூன்றாவது, "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". மற்றவர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குவது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம், அதோடு விட்டுவிட்டோம். ஏற்பது என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதில் எது உண்மை என்று போய்ப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். 36,000 ரூபாயை 60 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 600. இரண்டு பேர் வீட்டுக்கு 1,200, ஏழு பேர் வீட்டுக்கு 4,200. இன்று 2,000 கொடுக்கும் வீடு ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். "துரத்துகிறீர்களா" என்று அந்த மனிதர் ஏன் கேட்டார் என்று இப்போது தெரிகிறதா? வார்த்தை தடித்துவிட்டது, பயம் நியாயமானது. கோபத்தில் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டே பார்க்கவில்லை. இத்தனைக்கும் எண்கள் எல்லாம் உங்கள் கையில் இருந்தன.

போட்டுப் பார்த்ததும் உங்கள் யோசனையே மாறுகிறது. வீடு கழுவுவது, மாடிப்படி, செடிகள் என்று கொஞ்சம் தண்ணீர் ஆள் எத்தனை என்று பார்க்காமல் செலவாகிறது. குளிப்பதும் துவைப்பதும் ஆளைப் பொறுத்தது. பாதிச் செலவை வீட்டுக்கு, பாதியை ஆளுக்கு என்று வைத்தால் வீட்டுக்கு 1,000, அதோடு தலைக்கு 300. இரண்டு பேர் வீடு 1,600, ஏழு பேர் வீடு 3,100. பாதி என்பது என் கை அளவு. ஆழ்துளைக் கிணறு, மீட்டர் பற்றியெல்லாம் தெரிந்த உங்கள் ஆட்கள் அதை மாற்றிக்கொள்ளலாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். ஆள் கணக்கு வந்தால் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குச் சுமை கூடும் என்பது உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டேன். ஏழு பேர் வீட்டுக்கு 2,000 ரூபாய் 4,200 ஆகிறது. அது அதிகம். நான் முன்பு இதைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் வீடும் அதே 2,000 கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. பாதியை வீட்டுக்கும் பாதியை ஆளுக்கும் பிரித்தால் 1,600, 3,100 என்று வருகிறது. சிறு குழந்தைகளை எப்படிக் கணக்கில் சேர்க்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவோம்."

இதில் "ஆனால்" இல்லை, கவனித்தீர்களா? "நீங்கள் சொல்வது சரி, ஆனால்" என்று எழுதினால் "சரி" யார் காதிலும் விழாது. "அது அதிகம்" என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். அப்புறம், "மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று தயவுசெய்து சேர்க்காதீர்கள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கண்டால் கோபம் வருகிறது. புண்பட்டது உங்கள் பிழை என்று எதிராளியிடமே தள்ளுகிற வாக்கியம் அது. எதைத் தவறவிட்டீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். மேலே ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியும் அவர் தணியாமல் போகலாம். உங்கள் மேல் வேறு பழைய வருத்தம் இருந்தால் எந்த வாக்கியமும் அதைத் தொடாது. அப்போது இரண்டாவது பதில் எழுதாதீர்கள், மூன்று மாடி ஏறிப் போய்ப் பாருங்கள்.

அனுப்பும் முன் ஒரு வேலை. கணவரிடம் பதிலைக் கொடுங்கள். அவர் படித்து முடித்ததும் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "எனக்கு என்ன வேண்டும் என்று இதில் எழுதியிருக்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால் அனுப்பாதீர்கள். என் அண்ணனுக்கு நான்கு வருடம் அது தெரியவில்லை. தென்னம்பிள்ளைகளில் இரண்டு அந்தக் கோடையிலேயே பட்டுப்போயின.