ஒரே வால்வு, ஒரே கசிவு: ஒருவருக்கு மட்டும் ஏன் உடனே ஆபத்து?

கேள்வி: அம்மாவுக்கு மைட்ரல் வால்வில் அதிகக் கசிவு என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள். இன்றும் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்த நாலாம் நாள் அதே வால்வு கசிந்து, சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து இறந்துவிட்டார். மர்மர் சத்தம்கூட லேசாகத்தான் கேட்டதாம். எப்படி டாக்டர்?
– வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

பதில்: பெரியப்பாவை இப்படித் திடீரென்று இழந்தது பெரிய துயரம்தான் அம்மா.

மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள கதவு. கசிவு மெல்ல வளரும்போது, திரும்பி வரும் ரத்தத்துக்கு இடம் கொடுத்து இடது மேலறை விரிகிறது. அதனால் அங்கே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. கீழறையும் பெரிதாகிறது. அது ஒரு துடிப்புக்கு 190 மில்லி தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி திரும்பிப் போனாலும் 95 மில்லி உடம்புக்குக் கிடைக்கும், அது போதும்.

பெரியப்பாவுக்கு வால்வை இழுத்துப் பிடிக்கும் பாப்பிலரி தசை அறுந்திருக்கலாம். மாரடைப்புக்குப் பின் முதல் வாரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். இரண்டு தசைகளில் பின்பக்கத் தசைக்குப் பொதுவாக ஒரே ரத்தக்குழாய்தான். அது அடைத்தால் வேறு வழியில்லை. அவருடைய மேலறை சிறியது, விரிந்து பழகாதது. 10 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் அழுத்தம் 25ஐத் தாண்டி நுரையீரலுக்குள் ஏறுகிறது, அங்கே நீர் கோக்கிறது. கீழறை பெரிதாக நேரம் கிடைக்காததால் 140 மில்லி தள்ளினாலும் உடம்புக்குச் சேர்வது 70தான். மாரடைப்பில் அடிபட்ட இதயத்துக்கு அதுவும் முடியாது. ரத்த அழுத்தம் சரிய, உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. முன்னால் போகும் வழி இறுகினால் பின்னால் கசிவது இன்னும் கூடும். மருந்தும், இதயத்துக்குத் துணையாக ரத்தக்குழாயில் வைக்கும் பலூன் பம்ப்பும் கொஞ்ச நேரம் தாங்கும். தீர்வு அவசர அறுவைச் சிகிச்சைதான்.

அப்புறம் அந்தச் சத்தம். இரு அறைகளுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் மர்மரை எழுப்புகிறது. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் கீழறை சுருங்கும் நேரம் முழுக்க நீடிக்கும். ஆகவே இதய நுனியில் ஊதுவதுபோல் தொடங்கி, முடியும்வரை ஒரே சீராகக் கேட்டு, அக்குள் வரை பரவும். பெரியப்பாவுக்கோ மேலறை அழுத்தம் வேகமாக ஏறி, பாதிச் சுருக்கத்திலேயே வித்தியாசம் குறைந்துவிடும். சத்தம் குட்டையாக, தணிந்துகொண்டே போய் நின்றுவிடும். சிலருக்குக் கேட்கவே கேட்காது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியாமல் நுரையீரல் மட்டும் வெளுத்திருக்கும். அதனால் மாரடைப்பு வந்தவருக்குத் திடீரென மூச்சுத் திணறினால், மர்மர் இல்லை என்று விடாமல் உடனே எக்கோ பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கும் இப்படித் திடீரென்று மாறலாம். வால்வைப் பிடிக்கும் நாண் ஒன்று அறுந்தாலோ, வால்வில் கிருமித் தொற்று வந்தாலோ கசிவு ஒரே நாளில் கூடும். படுக்கவே முடியாத மூச்சுத் திணறல் வந்தால் அன்றே கேஷுவல்டிக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் பல நாள் விடாமல் இருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். மாடி ஏறுகிறார் என்பதற்காக எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள். கீழறை சோர்வது பல சமயம் மூச்சு வாங்கும் முன்பே அதில் தெரிந்துவிடும்.