வார மணிக்கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: டல்லாஸில் இருக்கும் ஒரு கிளையண்டுக்கு மணிக்கு 28 டாலர் கணக்கில் வெப் டெவலப்மெண்ட் செய்கிறேன். கிளாக்கிஃபையில் டைமர் ஓடவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். ஆனாலும் நான் அனுப்பும் வாரக் கணக்கும் அவர் அதே கருவியில் பார்க்கும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. போன வாரம் மூன்று மணி நேரம் இடித்தது. சில வரிகளைக் காட்டி "இதில் என்ன செய்தீர்கள்?" என்றும் கேட்கிறார். டைம்ஷீட்டை எப்படி வைத்துக்கொள்வது?
— மதுரை வாசகர்

பதில்: முதலில் ஒரு சோதனை. கடைசி நான்கு வாரங்களின் மொத்தத்தை இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினாலும் நான்கு வார மொத்தம் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், சிக்கல் நேர மண்டலத்தில் இருக்கிறது. நான்கு வாரத்திலும் ஒரே பக்கம் குறைந்துகொண்டே வந்தால், மணியைக் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது.

மூன்று மணி நேரம் என்று முழுசாக இடித்ததைப் பார்த்தால் முதல் காரணம்தான் என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை காலை 6 முதல் 9 மணி வரை நீங்கள் வேலை செய்தால், கோடைக்கால நேரப்படி டல்லாஸில் அது ஞாயிறு இரவு 7.30 முதல் 10.30 வரை. டைமர் பதிவு செய்த கணம் ஒன்றுதான். ஆனால் ரிப்போர்ட்டை யார் திறக்கிறாரோ அவருடைய நேர மண்டலத்தை வைத்துத்தான் கருவி அதை ஒரு நாளில் போடுகிறது. உங்கள் திரையில் அந்த மூன்று மணி நேரம் இந்த வாரத்தில் விழும்; அவர் திரையில் போன வாரத்தில் விழும்.

இதை உறுதிசெய்ய, உங்கள் புரொஃபைல் அமைப்பில் நேர மண்டலத்தைத் தற்காலிகமாக `America/Chicago` என்று மாற்றி (டல்லாஸுக்கும் அதுதான்), அதே வாரத்தின் `Detailed` ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். வாரம் தொடங்கும் நாளும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் பலர் ஞாயிறு என்று வைத்திருப்பார்கள். இரண்டையும் சரிசெய்த பிறகு அவர் சொன்ன எண் அப்படியே வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

வாரத்தை அவருடைய கடிகாரப்படி முடிப்பதே நல்லது. பட்ஜெட் அவருடையது, சரிபார்ப்பவரும் அவர். "பில்லிங் வாரம் டல்லாஸ் நேரப்படி திங்கள் முதல் ஞாயிறு நள்ளிரவு வரை" என்று ஒரு வரியை ஒப்பந்தத்திலோ மெயிலிலோ எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த நள்ளிரவு நமக்குத் திங்கள் காலை 10.30. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் அது 11.30 ஆகும்; மார்ச் இரண்டாம் ஞாயிறன்று திரும்பவும் 10.30. நம் ஊரில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் இந்த இரண்டு வாரங்களில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது.

டைமர் போடாமல், வார அட்டவணையில் வெறும் மணி எண்ணிக்கையை நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தொடக்க நேரம் கொடுக்காத இடத்தில் கருவி தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது காலை 9 என்றால், நீங்கள் திங்கள் மதியம் செய்த வேலைகூட டல்லாஸ் கணக்கில் ஞாயிறு இரவுக்குப் போய்விடும்.

அடுத்து மணிக்கணக்கு. ஒரு வாரம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: திங்கள் 4:40, செவ்வாய் 6:15, புதன் 5:50, வியாழன் 3:25, வெள்ளி 6:10. மொத்தம் 26 மணி 20 நிமிடம். இதையே 4.40, 6.15, 5.50 என்று புள்ளி வைத்து எழுதிக் கூட்டினால் 25.40 வரும், பில் 711.20 டாலர். உண்மையில் வர வேண்டியது 737 டாலருக்கு மேல். நாற்பது நிமிடம் என்பது 0.40 அல்ல, 0.67 மணி. வாரத்துக்கு 26 டாலர் சத்தமில்லாமல் போகிறது, அதுவும் எப்போதும் உங்கள் கையிலிருந்துதான்.

எக்செலில் 4:40 என்று சரியாகவே எழுதினாலும் இன்னொரு பொறி உண்டு. அது நேரத்தை ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கிறது. அதனால் கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டியதும், சாதாரண நேர வடிவத்தில் 26:20 என்பதற்குப் பதில் 2:20 என்று காட்டக்கூடும். அதை 28ஆல் பெருக்கினால் 30.72 வரும். செல் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் மொத்தம் சரியாகத் தெரியும். பணத்துக்கு 24ஆல் பெருக்கியே ஆக வேண்டும்:

```
=ROUND(SUM(B2:B6)*24,2)
=ROUND(B8*28,2)
```

முதல் சூத்திரம் B8இல் இருந்தால் 26.33 வரும், இரண்டாவது 737.24. துல்லியமாகப் போட்டால் 737.33 வரும், ஒன்பது சென்ட் கூடுதல். அதை விட்டுவிடலாம் என்பேன். இன்வாய்ஸில் அச்சான மணியை அச்சான விலையால் அவர் கால்குலேட்டரில் பெருக்கும்போது அதே தொகை வருவது ஒன்பது சென்ட்டைவிட மதிப்பானது. நாள்வாரியாக ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டாதீர்கள். மொத்தத்தை மட்டும் ஒருமுறை ரவுண்ட் செய்யுங்கள்.

ஒவ்வொரு பதிவையும் 15 நிமிடத்துக்கு மேல்நோக்கி ரவுண்ட் செய்யும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஐந்து நிமிட வேலைகள் எட்டு இருந்தால், நாற்பது நிமிடம் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். முன்கூட்டி எழுதி ஒப்புக்கொள்ளாமல் இதைச் செய்தால் எந்தக் கிளையண்டும் கேள்வி கேட்பார், கேட்பதும் நியாயம்.

"என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு வருவோம். "பக் ஃபிக்ஸ் – 3:10" என்ற வரி கேள்வியைக் கூப்பிடும். "டிக்கெட் 214: கூப்பன் போட்டால் தள்ளுபடி இரண்டு முறை கழிகிறது, காரணம் கண்டது 1:50, திருத்தமும் டெஸ்டும் 1:20" என்று இரண்டு பதிவாக இருந்தால் கேட்க ஒன்றுமில்லை. புரோகிராமில் பத்து வரிதான் மாறியிருக்கும். நேரம் எங்கே போனது என்பதை, காரணம் தேடிய பகுதிதான் சொல்லும். ஒரு பதிவு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பிரித்து எழுதுங்கள். மீட்டிங், சாட்டில் பதில் சொன்ன நேரம் இவற்றைத் தனி டேக்கில் வையுங்கள். இவற்றுக்குக் காசு உண்டா, உங்கள் பிழையை நீங்களே திருத்தும் நேரத்துக்கு உண்டா என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிட வேண்டும். காசு கிடையாது என்று முடிவானதையும் பில்லபிள் குறியை எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை ரேட் பேச அந்த எண்ணிக்கை தேவைப்படும்.

டைமரை நிறுத்த மறந்து சாப்பிடப் போனால் காட்டிக்கொடுக்க, டெஸ்க்டாப் ஆப்பில் ஐடில் டிடெக்‌ஷன் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு வைத்தால் போதும். அதையும் மீறி 9 மணி நேரப் பதிவு ஒன்று உட்கார்ந்திருந்தால், கடைசி கமிட் அல்லது கோப்பு சேமித்த நேரத்தைப் பார்த்து அன்றைக்கே வெட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து செவ்வாயை நினைவுகூர்ந்தால் ஊகம்தான் வரும்.

அனுப்பும் நாள் திங்கள். காலை 11.30க்குப் பிறகு `America/Chicago` மண்டலத்தில் ரிப்போர்ட் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, மாலை 6 மணிக்குள் மெயிலில் போட்டுவிடுங்கள். டல்லாஸில் அவர் காலையில் வேலையைத் தொடங்கும்போது மேலே நிற்கும். ஆட்சேபணை இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் அந்த முதல் ஒப்புதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பிய வாரத்தில் பிறகு ஒரு பிழை தெரிந்தால் பழைய பதிவைத் தொடாதீர்கள். அவர் கையில் இருக்கும் பிடிஎஃப்பும் கருவியும் மறுபடி முரண்படும். அடுத்த வாரத்தில் கூட்டியோ கழித்தோ, எந்த நாளுக்கான திருத்தம் என்று குறிப்பிட்டுத் தனி வரியாகப் போடுங்கள்.