பேனாவை நகர்த்துவது கையா, கடவுளா?

கேள்வி: இடைக்கால இஸ்லாமிய இறையியலில் கடவுள் ஒவ்வொரு நொடியும் உலகைப் புதிதாகப் படைக்கிறார் என்றார்களாமே, அதற்கு அணுக்கள் எதற்கு?

இது 10ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அல்-அஷ்அரியின் வழிவந்தவர்கள் வளர்த்த கொள்கை. பொருள்கள் பிரிக்க முடியாத அணுக்களால் ஆனவை, காலமும் பிரிக்க முடியாத கணங்களால் ஆனது என்றார்கள். நிறம், சூடு, அசைவு, உயிர் எல்லாம் அணுவில் தங்கும் பண்புகள். எந்தப் பண்பும் இரண்டு கணம் நீடிக்காது; பண்பில்லாமல் அணுவும் இருக்க முடியாது. ஆகவே கடவுள் பண்புகளைப் படைப்பதை நிறுத்தினால் போதும், பொருளே இல்லாமல் போய்விடும். அணு தேவைப்பட்டது இதற்குத்தான்: தானாக நிலைக்கும் இயல்பு எதிலும் மிஞ்சக் கூடாது.

இந்தக் கொள்கையை ஏற்காத யூத அறிஞர் மைமோனிடிஸ், அஷ்அரி வழியினர் தரும் உதாரணம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் பேனாவை நகர்த்துகிறார். அதில் நகர்த்தும் விருப்பம், அதற்கான ஆற்றல், கையின் அசைவு, பேனாவின் அசைவு என்று நான்கு பண்புகள் உள்ளன. நான்கையும் கடவுளே தனித்தனியாகப் படைக்கிறார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமில்லை, உடன் நிகழ்கின்றன, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் உலகம் ஏன் தாறுமாறாக இல்லை? கடவுள் தம் வழக்கத்தை மாற்றுவதில்லை என்பது பதில். மாற்றினால் அது அற்புதம். பஞ்சு நெருப்பருகே எரிவதும் அந்த வழக்கமே என்றார் அஷ்அரி வழியில் வந்த அறிஞர் அல்-கஸாலி. காரணங்களை மறுத்தால் அறிவுக்கே இடமில்லை என்று பின்னர் வந்த தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து எதிர்த்தார். எனக்கு அந்த மறுப்பு வலுவானதாகவே படுகிறது. ஆனால் கஸாலி இந்தக் கேள்வியை முன்பே எதிர்கொண்டிருந்தார்: வழக்கம் மாறாது என்ற அறிவையும் நமக்குள் கடவுளே படைக்கிறார் என்பது அவர் வாதம்.