ஈல்டு கர்வ் தட்டையாக இருந்தால் வட்டி மாறாது என்றுதானே அர்த்தம்?

“பாளையங்கோட்டையில் எம்.காம். படிக்கிறேன், அண்ணாச்சி. 1 வருட அரசுப் பத்திரமும் 2 வருடப் பத்திரமும் 7% தந்தால், அடுத்த வருடமும் வட்டி 7% என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் போட்டார்கள். ஏன்?”

தம்பி, வெவ்வேறு கால அளவுள்ள பத்திரங்கள் தரும் வருட வருமானத்தை, அதாவது ஈல்டை, வரிசையாக இணைக்கும் கோடுதான் ஈல்டு கர்வ். இரண்டும் 7% என்றால் கோடு தட்டை. நீங்கள் எழுதியது எதிர்பார்ப்புக் கோட்பாட்டின் விடை. அதன்படி 2 வருட ஈல்டு என்பது இந்த வருட வட்டிக்கும், அடுத்த வருடம் இருக்கும் என்று சந்தை நினைக்கும் வட்டிக்கும் ஏறக்குறைய சராசரி. அதனால் 7%.

நீர்மை விருப்பக் கோட்பாடு இங்கேதான் குறுக்கே வருகிறது. கார் அறுவடை முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்பவருக்கும், இரண்டு வருடம் கழித்துத் தருகிறேன் என்பவருக்கும் நம்ம ஊரில் யாராவது ஒரே வட்டிக்குக் கொடுப்பார்களா? பணம் நீண்ட நாள் முடங்கும், நடுவில் விற்றால் விலை இறங்கியிருக்கலாம். அதற்கான கூலி 0.25% என்று வையுங்கள். 7%-இல் அதைக் கழித்தால் உண்மையான சராசரி 6.75%. இந்த வருடம் 7% என்றால் அடுத்த வருடம் 6.5%. அதாவது தட்டைக் கோடே வட்டி இறங்கும் என்கிறது!

இதே கணக்கில் 2 வருட ஈல்டு 7.25% ஆக, கோடு லேசாக மேலேறினால், வட்டி மாறாது என்று பொருள். 6.5% ஆகத் தலைகீழானால் அடுத்த வருடம் 5.5%, முதல் கோட்பாடு 6% என்றுதான் சொல்லும்.

ஒரே சங்கடம், அந்த 0.25% எந்தத் திரையிலும் தெரியாது. காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். அமெரிக்காவில் 2022-இல் 2 வருட ஈல்டு 10 வருட ஈல்டைத் தாண்டி, இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. கோடு இப்படித் தலைகீழானால் பொருளாதார மந்தம் வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அந்தக் காலத்தில் அது வரவில்லை.